திரையில் 184, கையில் 176

பொள்ளாச்சியில் இருக்கும் என் பெரியப்பா ஒரு புதன்கிழமை காலை வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். அவருடைய பங்குச் சந்தைச் செயலியின் திரை அது. கோவை வட்டாரத்தில் உள்ள ஒரு பழைய நூற்பாலையின் பங்கு. முப்பது வருடத்துக்கு முன்பு வாங்கியது, கையில் 3,000 இருக்கிறது. அதில் 2,000 பங்குகளை விற்று வீட்டு மாடிக்குத் தளம் போடலாம் என்று எண்ணம். படத்துக்குக் கீழே, "வித்துடலாமா கண்ணு?" என்று ஒரு வரி.

நான் அதைப் பார்த்தபோது மாலை ஆகிவிட்டது. அதற்குள் விற்றுமிருந்தார். திரையில் 184 ரூபாய் என்று இருந்தது. 2,000 பங்குக்கு 3,68,000 ரூபாய் வரும் என்று கணக்குப் போட்டிருந்தார். வந்தது 3,53,495 ரூபாய்.

"தரகும் வரியும் போக இவ்வளவு பிடிப்பாங்களா? பதினாலாயிரத்துக்கு மேல போயிருக்குது கண்ணு" என்றார் தொலைபேசியில்.

"தரகு இன்னும் பிடிக்கவே இல்லீங்க பெரியப்பா. இது தரகுக்கு முந்தின கணக்கு" என்றேன். அவருக்கு அது புரியவில்லை. புரியாததில் வியப்பும் இல்லை. இந்தப் பதினாலாயிரத்து ஐந்நூற்று ஐந்து ரூபாய் எந்த ரசீதிலும் இல்லை. கான்ட்ராக்ட் நோட்டில் தரகு இருக்கும், 0.1 சதவீதப் பங்குப் பரிவர்த்தனை வரி இருக்கும், ஜிஎஸ்டி பைசா சுத்தமாக இருக்கும். அந்த வரி அவருக்கு 353 ரூபாய்தான். அதைப்போல நாற்பது மடங்கு பணம் தலைப்பே இல்லாத ஒரு செலவில் போயிருக்கிறது. அந்தச் செலவுக்குச் சந்தைக்காரர்கள் இரண்டு பெயர் வைத்திருக்கிறார்கள்: ஸ்ப்ரெட், ஸ்லிப்பேஜ்.

நல்ல வேளையாக அவர் அனுப்பிய படம் என்னிடம் இருந்தது. விற்ற விவரத்தையும் செயலி வரிவரியாகக் காட்டியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பணம் எங்கே போனது என்று ரூபாய் ரூபாயாகச் சொல்லிவிடலாம்.

முதலில் அந்த 184. அது என்ன விலை? யாராவது அந்த விலைக்கு வாங்கத் தயாராக இருந்தார்களா? இல்லை. அதற்கு எல்டிபி என்று பெயர், கடைசியாக வியாபாரம் நடந்த விலை. படத்தில் அந்த வியாபாரத்தின் நேரமும் இருந்தது: 9.52. பெரியப்பா படம் எடுத்தது 10.40க்கு. அதாவது முக்கால் மணி நேரத்துக்கு முன்பு யாரோ ஒருவர் 15 பங்குகளை 184க்குக் கொடுத்தார், இன்னொருவர் வாங்கிக்கொண்டார். இருவரும் போய்விட்டார்கள். திரையில் மிகப் பெரிய எழுத்தில் நிற்பது அவர்கள் விட்டுப்போன எண்.

இப்போது நிற்கிறவர்கள் யார் என்பது அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கிறது. அதற்கு மார்க்கெட் டெப்த் என்று பெயர். இடது பக்கம் வாங்கக் காத்திருப்பவர்கள், வலது பக்கம் விற்கக் காத்திருப்பவர்கள், பக்கத்துக்கு ஐந்து விலைகள். பெரியப்பா அனுப்பிய படத்தில் இடது பக்கம் இப்படி இருந்தது: 182 ரூபாய்க்கு 150 பங்கு, 181.10க்கு 200, 180க்கு 500, 177.50க்கு 250, 175க்கு 400. வலது பக்கம் முதல் வரியில் 186 ரூபாய்க்கு 100 பங்கு, அதற்குக் கீழே 187, 188.50 என்று ஏறிக்கொண்டே போனது.

வாங்க நிற்பவர்களில் அதிகம் கொடுக்க முன்வருபவரின் விலைக்கு பிட் என்று பெயர். இங்கே 182. விற்க நிற்பவர்களில் குறைவாகக் கேட்பவரின் விலை ஆஸ்க். இங்கே 186. நடுவில் இருக்கும் 4 ரூபாய் இடைவெளிதான் ஸ்ப்ரெட். இந்த நொடியில் ஒருவர் ஒரு பங்கை வாங்கி, மறுநொடியே விற்றால் 186 கொடுத்து 182 வாங்குவார். விலை அசையவே இல்லை, கம்பெனிக்கு எதுவும் ஆகவில்லை, அவருடைய பணத்தில் 2 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. வெளிநாட்டுப் பணம் மாற்றும் கடைகளில் வாங்கும் விலை, விற்கும் விலை என்று பலகையில் இரண்டு வரிசை எழுதியிருப்பார்களே, அதே சங்கதிதான். அங்கே பலகை கண்ணுக்கு நேரே தொங்குகிறது. இங்கே நடந்து முடிந்த விலையைப் பெரிதாகப் போட்டு, இந்த இரண்டு விலைகளையும் விரலால் தள்ளிப் பார்க்க வேண்டிய இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

பெரியப்பா போட்டது மார்க்கெட் ஆர்டர். 'என்ன விலையானாலும் சரி, இப்போதே விற்றுக்கொடு' என்பதுதான் அதற்குப் பொருள். பரிமாற்றகத்தின் கணினி அதை அப்படியே செய்தது. நிற்பவர்களில் அதிக விலை சொன்னவருக்கு முதலில், ஒரே விலை சொன்னவர்களில் முதலில் வந்தவருக்கு முதலில். 1994இல் தேசியப் பங்குச் சந்தை கணினித் திரை வழி வியாபாரத்தைத் தொடங்கியபோதிருந்து அங்கே நடப்பது இந்த முறைதான். எனவே முதல் 150 பங்கு 182க்குப் போனது. அந்த ஆள் அதோடு தீர்ந்தார். அடுத்த 200 பங்கு 181.10க்கு, அடுத்த 500 பங்கு 180க்கு, 250 பங்கு 177.50க்கு, 400 பங்கு 175க்கு. இத்தோடு படத்தில் தெரிந்த ஐந்து வரிகளும் காலி. விற்றது 1,500 பங்கு. இன்னும் 500 பாக்கி.

அந்த 500 பங்குக்கு ஆள் யார் என்பதை விற்பதற்கு முன் பெரியப்பா பார்த்திருக்கவே முடியாது. ஆறாவது, ஏழாவது வரிகள் சாதாரணத் திரையில் தெரியாது. விற்ற விவரத்தைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது: 300 பங்கு 172க்கும், கடைசி 200 பங்கு 170க்கும் போயிருந்தன. எல்லாம் ஒரு நொடிக்குள். சராசரி விலை 176.75.

இப்போது பணத்தைப் பிரித்துப் பார்க்கலாம். பிட்டுக்கும் ஆஸ்க்குக்கும் நடுப்புள்ளி 184. அதிலிருந்து 182க்கு இறங்கியது பங்குக்கு 2 ரூபாய், 2,000 பங்குக்கு 4,000 ரூபாய். இது ஸ்ப்ரெட்டில் அவருடைய பாதி. விற்பவர் பாதி இடைவெளியைக் கடக்கிறார், வாங்குபவர் மறு பாதியைக் கடக்கிறார். மீதி 10,505 ரூபாய், 182 என்று எதிர்பார்த்து ஒவ்வொரு படியாக 170 வரை இறங்கியதில் போனது. அதுதான் ஸ்லிப்பேஜ், விலை வழுக்கல். நாம் எதிர்பார்த்த விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள வித்தியாசம் எல்லாவற்றையும் சேர்த்தே ஸ்லிப்பேஜ் என்பவர்களும் உண்டு. நான் பிரித்துச் சொல்வதற்குக் காரணம், முதல் பங்கு ஒரே ஒரு பங்கு விற்பவருக்கும் உண்டு. இரண்டாம் பங்கு, நிற்கும் கூட்டத்தைவிட நாம் கொண்டுபோகும் மூட்டை பெரிதாக இருக்கும்போதுதான் வரும். ஆர்டர் போட்ட நேரத்துக்கும் அது போய்ச் சேரும் நேரத்துக்கும் நடுவில் விலை நகர்ந்துவிட்டாலும் வழுக்கல் வரும். பெரியப்பா விஷயத்தில் விலை நகரவில்லை, அவருடைய ஆர்டர்தான் விலையை நகர்த்தியது.

இதே மூன்றரை லட்சம் ரூபாயை நிஃப்டி 50 பட்டியலில் உள்ள ஒரு பெரிய கம்பெனிப் பங்கில் விற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1,400 ரூபாய் விலையுள்ள பங்கு என்று வைத்துக்கொள்வோம். அப்படிப்பட்ட பங்குகளில் பிட் 1,400.00, ஆஸ்க் 1,400.10 என்று பத்துப் பைசா இடைவெளியில் நிற்பது அன்றாடக் காட்சி. ஒவ்வொரு வரியிலும் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் பங்குகள் காத்திருக்கும். 250 பங்கை முதல் வரியே வாங்கிவிடும். செலவு, பாதி ஸ்ப்ரெட்டான ஐந்து பைசா வீதம் பன்னிரண்டரை ரூபாய். அங்கே பன்னிரண்டரை, இங்கே பதினாலாயிரத்து ஐந்நூறு. செயலி ஒன்றே, பொத்தானும் ஒன்றே, தரகும் அதேதான்.

தேசியப் பங்குச் சந்தை இந்தச் செலவை அளந்து வைக்கிறது. நடுப்புள்ளி விலையிலிருந்து, நிற்கும் ஆர்டர்களின் ஊடே போய்க் கிடைக்கும் சராசரி விலை எத்தனை சதவீதம் விலகுகிறது என்பது அந்த அளவு. இம்பாக்ட் காஸ்ட் என்று பெயர். நிஃப்டி 50இல் இடம்பிடிக்க ஒரு பங்குக்கு உள்ள நிபந்தனைகளில் இதுவும் ஒன்று: 10 கோடி ரூபாய்க்கு வாங்கினாலும் விற்றாலும், ஆறு மாதத்தில் பார்த்த தடவைகளில் 90 சதவீதத்தில், சராசரி விலகல் 0.50 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பெரியப்பாவின் மூன்றரை லட்சத்துக்கு விலகல் 3.94 சதவீதம்.

ஆள் அதிகம் வராத சந்தையில் ஏன் இடைவெளி இவ்வளவு விரிகிறது? காத்திருப்பவர் பேராசைக்காரர் என்று நினைப்பது எளிது. அவருடைய இடத்தில் நின்று பார்த்தால் வேறு மாதிரி தெரியும்.

அந்த நூற்பாலைப் பங்கு நாளைக்குச் சராசரியாக 900 தான் கைமாறுகிறது. 182க்கு 150 பங்கு கேட்டு நிற்பவர், அதை வாங்கியபின் மறுபடி விற்க வேண்டுமானால் எத்தனை மணி நேரம், எத்தனை நாள் காத்திருக்க வேண்டுமோ தெரியாது. அதற்குள் பஞ்சு விலை ஏறலாம், மின்கட்டணம் கூடலாம், காலாண்டு முடிவு மோசமாக வரலாம். பெரிய பங்கில் இதே ஆள் வாங்கிய மறுநிமிடமே விற்று வெளியேறிவிடலாம், ஆகவே பத்துப் பைசா இடைவெளியே அவருக்குப் போதும். இங்கே அவர் சுமக்கும் நாட்களுக்கு ஏதாவது கிடைத்தால்தான் நிற்பார். ஹெரால்ட் டெம்செட்ஸ் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1968இல் எழுதிய கட்டுரையில் ஸ்ப்ரெட்டை இப்படித்தான் பார்த்தார்: உடனே வேண்டும் என்பவர், காத்திருக்கத் தயாராக இருப்பவருக்குக் கொடுக்கும் கூலி அது. ஆட்கள் அடிக்கடி வந்து போகும் இடத்தில் காத்திருப்பு குறைவு, கூலியும் குறைவு.

இதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. அது பயம். நாளைக்கு 900 பங்கு கைமாறும் இடத்தில் திடீரென்று ஒருவர் 2,000 பங்கைக் கொட்டுகிறார். வாங்க நிற்பவர் மனதில் என்ன ஓடும்? 'இந்த ஆளுக்கு எனக்குத் தெரியாத ஏதோ தெரிந்திருக்கிறது. ஆலைக்குள் இருப்பவரோ, இருப்பவருக்கு வேண்டியவரோ. இவரிடம் வாங்கினால் நாளைக்கு நான் மாட்டிக்கொள்வேன்.' பெரியப்பா மாடித் தளத்துக்காக விற்கிறார் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? திரையில் பெயரும் இல்லை, காரணமும் இல்லை. ஆகவே எல்லோரையும் விவரம் தெரிந்தவராக நினைத்து, அதற்கான தள்ளுபடியோடுதான் விலை சொல்கிறார். விவரம் தெரிந்தவரிடம் அவர் இழப்பதை, தெரியாதவர்களிடமிருந்து ஸ்ப்ரெட்டாகத் திரும்ப எடுக்கிறார். ஜாக் டிரெய்னர் என்பவர் 1971இல் வால்டர் பேஜட் என்ற புனைபெயரில் எழுதிய ஒரு சிறு கட்டுரையில் இதை முதலில் தெளிவாகச் சொன்னார். நிஃப்டி பங்கில் 250 பங்கு விற்பவரைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. ஆயிரக்கணக்கானோர் ஆயிரம் காரணத்துக்காக வந்து போகிறார்கள், கம்பெனியைப் பற்றி ஆய்வாளர்கள் நாள்தோறும் எழுதுகிறார்கள், ஒளிந்திருக்கக்கூடிய செய்தி குறைவு. சிறு கம்பெனியில் ஆய்வறிக்கையும் இல்லை, கூட்டமும் இல்லை.

போட்டி இல்லாததும் சேர்ந்துகொள்கிறது. கூட்டமுள்ள பங்கில் ஒருவர் 1,399.90 சொன்னால் இன்னொருவர் பத்துப் பைசா கூட்டிச் சொல்லி முன்னால் வந்து நிற்பார். இப்படி முந்தி முந்தியே இடைவெளி சுருங்கிவிடும். 250 ரூபாய்க்குக் கீழ் உள்ள பங்குகளில் 2024 ஜூன் முதல் ஒரு பைசா கூட்டியும் முந்தலாம் என்று தேசியப் பங்குச் சந்தை படியைக் குறைத்தது. நூற்பாலைப் பங்குக்கும் அந்த ஒரு பைசா வசதி உண்டு. முந்துவதற்கு ஆள்தான் இல்லை. பழைய மும்பைப் பங்குச் சந்தைக் கூடத்தில் தாராவணிவாலா என்று அழைக்கப்பட்ட ஜாபர்கள் இருந்தார்கள். நீங்கள் வாங்க வந்தீர்களா விற்க வந்தீர்களா என்று தெரியாமலே இரண்டு விலையையும் கூவுவது அவர்கள் தொழில். திரை வந்தபின் முதன்மைச் சந்தையில் அப்படி நின்றே ஆக வேண்டிய ஆள் என்று யாருமில்லை. சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கென 2012இல் தொடங்கிய எஸ்எம்இ பிரிவில் மட்டும், பட்டியலிட்டபின் மூன்று வருடம் ஒருவர் இரு பக்கமும் விலை சொல்லி நிற்க வேண்டும் என்று விதி வைத்தார்கள்.

பெரியப்பா விற்ற மறுநொடி அந்தத் திரை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வலது பக்கம் ஆஸ்க் அதே 186இல் நிற்கிறது, அங்கே யாரும் தொடவில்லை. இடது பக்கம் முதல் வரி இப்போது 170. நான்கு ரூபாயாக இருந்த ஸ்ப்ரெட் பதினாறு ரூபாய். பெரிய எழுத்தில் 170 என்று சிவப்பில் மின்னும். அந்தப் பங்கை வைத்திருக்கும் இன்னொருவர் அதைப் பார்த்து, 'ஏழு சதவீதத்துக்கு மேல் விழுந்துவிட்டதே, என்ன கேடோ' என்று பதறியிருப்பார். ஆலைக்கு எந்தக் கேடும் இல்லை. அடர்ந்த சந்தையில் இப்படிப்பட்ட பள்ளம் சில நொடிகளில் நிரம்பிவிடும். இங்கே மறுநாள் பிட் 177, மூன்றாம் நாள் 181 என்று மெல்ல மெல்லத் திரும்பியது. அந்த மூன்று நாள் திரும்பலே, விழுந்ததற்குக் காரணம் செய்தி அல்ல, ஆள் இல்லாததுதான் என்பதற்கு அடையாளம். செய்தியால் விழுந்திருந்தால் விலை கீழேயே நின்றிருக்கும்.

அன்று அந்தப் பங்குக்கு ஒரு நாளில் 10 சதவீதத்துக்கு மேல் இறங்கக் கூடாது என்ற தடுப்பு இருந்தது. அதன்படி எல்லை 165.60. தடுப்பு 5 சதவீதமாக இருந்திருந்தால் 174.80க்குக் கீழே எதுவும் நடந்திருக்காது, கடைசி 500 பங்கு விற்காமல் நின்றிருக்கும். அது பாதுகாப்புப் போலத் தோன்றும். ஆனால் கட்டாயம் விற்க வேண்டியவருக்கு அதுவே சிறை. வாங்க ஆளே இல்லாமல் நாள்கணக்கில் கீழ் எல்லையில் பூட்டிக் கிடந்த பங்குகள் உண்டு. அப்போது ஸ்ப்ரெட் என்ன என்ற கேள்விக்கே இடமில்லை, ஒரு பக்கம் காலி.

இதெல்லாம் சின்னப் பங்குகளின் வியாதி, பெரிய பங்குக்கு வராது என்று எண்ண வேண்டாம். 2012 அக்டோபர் 5 காலை, ஒரு தரகு நிறுவனத்திலிருந்து தவறுதலாக 59 மார்க்கெட் ஆர்டர்கள் போயின. மொத்த மதிப்பு 650 கோடி ரூபாய்க்கு மேல். நிஃப்டி 50 என்பது நாட்டிலேயே ஆழமான குளம். அந்தக் குளமும் சில நொடிகளில் வற்றியது. 5,800க்கு அருகில் இருந்த குறியீடு 4,888 வரை போய் வியாபாரம் நின்றது. கால் மணி நேரம் கழித்துத் திறந்தபோது விலைகள் ஏறக்குறைய பழைய இடத்துக்கே வந்துவிட்டன. கம்பெனிகளின் மதிப்பு அந்தக் கால் மணியில் ஏறவுமில்லை இறங்கவுமில்லை. குறைந்த விலைக்கு விற்ற பணம் மட்டும் திரும்பவில்லை. ஆழம் என்பது குளத்தை மட்டும் பொறுத்ததல்ல, மொள்ளும் பாத்திரத்தையும் பொறுத்தது.

தங்கப் பத்திரம் வைத்திருப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். 2015 முதல் ரிசர்வ் வங்கி அரசின் சார்பில் வெளியிட்ட தங்கப் பத்திரங்கள் நம் வீடுகளில் நிறைய இருக்கின்றன. உள்ளே இருப்பது ஒரே தங்கத்தின் விலை. ஆனால் ஒவ்வொரு வெளியீடும் சந்தையில் தனித்தனிச் சரக்கு. சில வெளியீடுகளில் நாள் முழுக்க விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் வியாபாரம் நடக்கும், பிட்டுக்கும் ஆஸ்க்குக்கும் நடுவில் நூற்றுக்கணக்கான ரூபாய் நிற்பதைப் பார்க்கலாம். செய்தித்தாளில் தங்கம் விலையைப் பார்த்துவிட்டு மார்க்கெட் ஆர்டர் போடுபவர், பெரியப்பா இறங்கிய அதே படிக்கட்டில்தான் இறங்குகிறார்.

'விலை இவ்வளவுக்குக் கீழே போனால் விற்றுவிடு' என்று முன்கூட்டியே போட்டுவைக்கும் ஸ்டாப் லாஸ் ஆர்டரை நம்புகிறவர்களுக்கும் ஆளில்லாச் சந்தையில் ஆபத்து உண்டு. குறித்த விலை தொட்டதும் அது மார்க்கெட் ஆர்டராக மாறினால், நிற்கும் வரிகளை எல்லாம் அள்ளிக்கொண்டு கீழே போகும். 175இல் நின்றுவிடும் என்று நினைத்தது 165இல் போய் முடியும். இந்தக் காரணத்தால் தேசியப் பங்குச் சந்தை 2021 செப்டம்பரில் ஆப்ஷன் வியாபாரத்தில் இந்த வகை ஆர்டரையே நிறுத்தியது. விலை எல்லையோடு கூடிய ஸ்டாப் லாஸ் போடலாம். ஆனால் அந்த எல்லைக்குள் ஆள் இல்லையென்றால் விற்காமலே நின்றுவிடும்.

பெரியப்பாவிடம் மீதி 1,000 பங்கு இருந்தது. அதை விற்கும் வேலையை என்னிடம் விட்டார். "இதுலயாச்சும் பார்த்துச் செய் கண்ணு" என்றார். ஒரு வாரம் பொறுத்தோம். பிட் 181, ஆஸ்க் 186 என்று வந்தபின் 183.50க்கு 200 பங்கு மட்டும் லிமிட் ஆர்டர் போட்டேன். லிமிட் ஆர்டர் என்றால் 'இந்த விலைக்குக் குறைந்து கொடுக்க மாட்டேன், ஆள் வரும்வரை நிற்கிறேன்' என்பது. 186க்கு நின்றவரைத் தாண்டி நாங்கள் முதல் வரிக்கு வந்துவிட்டோம். இப்போது ஆஸ்க் எங்களுடையது. அவசரமாக வாங்க வருபவர் இடைவெளியைக் கடந்து எங்களிடம் வர வேண்டும்.

முதல் நாள் 60 பங்குதான் போனது. காலை 9.15க்குச் சந்தை திறந்ததும் முதல் கால் மணி நேரம் இடைவெளி அகலமாக இருந்தது, பத்து மணிக்குமேல் கொஞ்சம் சுருங்கியது. இரண்டாம் நாள் மீதி 140. முழு 1,000 பங்கையும் ஒரேயடியாக வலது பக்கத்தில் காட்டக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். நாளைக்கு 900 கைமாறும் இடத்தில் ஒரே வரியில் 1,000 நின்றால், வாங்க நினைப்பவர் பார்த்ததுமே 'இவர் இறங்கி வருவார்' என்று பின்வாங்கிவிடுவார். இப்படி 400 பங்கு 183.50க்குப் போனது. பிறகு இரண்டு நாள் ஒரு பங்குகூட நகரவில்லை. 182க்கு இறக்கினேன், 350 போனது. மீதி 250 இருக்கும்போது ஒட்டுமொத்தச் சந்தையே இறங்கத் தொடங்கியது. பிட் 179க்கு வந்துவிட்டது. காத்திருப்பதா, கொடுப்பதா? மேஸ்திரிக்குப் பணம் தர வேண்டிய நாளும் நெருங்கியது. 179க்குக் கொடுத்தோம்.

மொத்தம் 1,81,850 ரூபாய், சராசரி 181.85. முதல் தடவையைவிடப் பங்குக்கு ஐந்து ரூபாய் பத்துப் பைசா கூடுதல். அதாவது 1,000 பங்கில் சுமார் 5,100 ரூபாய் மிச்சம். இதில் கழிக்க வேண்டியதும் இருக்கிறது. விற்ற ஒவ்வொரு நாளுக்கும் தரகு தனி, டீமாட் கணக்கிலிருந்து பங்கு வெளியே போகும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சிறு கட்டணம் தனி. ஒரே நாளில் விற்றிருந்தால் ஒருமுறைதான் பிடித்திருப்பார்கள். ஆகவே பத்துப் பத்துப் பங்காக நறுக்கி விற்பது புத்திசாலித்தனம் அல்ல. அன்றைய வழக்கமான வியாபாரத்தில் பத்தில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்ற அளவோடு நின்றால் கூட்டத்தை அதிகம் கலைக்காமல் விற்கலாம் என்பது என் அனுபவக் கணக்கு. அதோடு நான் நின்ற ஒன்பது வியாபார நாட்களும் இலவசம் இல்லை. சந்தை இன்னும் வேகமாக விழுந்திருந்தால், 183.50க்கு ஆசைப்பட்டு நின்ற நான் 165க்கு விற்றிருப்பேன். காத்திருப்பவரின் கூலியை வாங்க வேண்டுமானால் காத்திருப்பவரின் ஆபத்தையும் சேர்த்து வாங்க வேண்டும்.

இன்னொன்றையும் அந்த நாட்களில் நேரில் பார்த்தேன். என் லிமிட் ஆர்டர் ஒரு நாள் சட்டென்று, போட்ட இரண்டு நிமிடத்தில் முழுதாகப் போனது. மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. அரை மணி நேரத்தில் விலை 185க்குப் போய்விட்டது. அந்த வாங்கியவருக்கு ஏதோ தெரிந்திருந்தது, அல்லது பொறுமையில்லை. எப்படியானாலும், நம் ஆர்டர் மிக வேகமாகப் பிடிக்கப்படும் நாட்களில் விலை நமக்கு எதிர்ப்பக்கம் நகர்வதை அடிக்கடி காணலாம். இடது பக்கம் நிற்பவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்பது அன்றைக்கு எனக்கு உடம்பில் உறைத்தது.

விற்பதற்கு முன்பே இந்தச் செலவைக் கணக்கிட ஒரு காகிதமும் இரண்டு நிமிடமும் போதும். பிட்டையும் ஆஸ்க்கையும் கூட்டி இரண்டால் வகுத்து நடுப்புள்ளியை எழுதிக்கொள்ளுங்கள். இடது பக்க வரிகளில் மேலிருந்து கீழாக, நம்மிடம் உள்ள பங்கு தீரும்வரை, விலையை எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டுங்கள். மொத்தத்தைப் பங்கின் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் சராசரிக்கும் நடுப்புள்ளிக்கும் உள்ள வித்தியாசம்தான் செலவு. ஐந்து வரியும் தீர்ந்து நம்மிடம் பங்கு மீதி இருந்தால், அந்த மீதிக்கு என்ன விலை கிடைக்கும் என்று நமக்குத் தெரியாது என்று பொருள். பெரியப்பாவுக்கு 500 பங்கு அப்படி மீதி இருந்தது. வரியில் நிற்கும் ஆர்டர்களை நாம் கூட்டிக்கொண்டிருக்கும்போதே அவர்கள் விலக்கிக்கொள்ளலாம் என்பதால், இந்தக் கணக்கும் ஒரு மதிப்பீடுதான். ஒரு நாள் வியாபாரம் அதிகமாக இருந்தது என்று ஏமாறவும் கூடாது. யாரோ இருவர் பேசிவைத்து ஒரு பெரிய மூட்டையைக் கைமாற்றிய நாளாகவும் அது இருக்கலாம். இருபது நாள் சராசரியைப் பார்ப்பது நல்லது.

கடைசி 250 பங்கை விற்ற அன்று மாலை அந்தத் திரையை ஒருமுறை முழுதாகப் பார்த்தேன். இடது பக்கம் ஐந்தாவது வரியில் 170 ரூபாய், 800 பங்கு என்று நின்றது. பெரியப்பா விற்றதற்கு மறுநாள் காலையிலும் அதே விலை, அதே எண்ணிக்கைதான் கடைசி வரியில் நின்றது நினைவுக்கு வந்தது. அதே ஆளாகத்தான் இருக்க வேண்டும். 1,000 பங்கு கேட்டு, தினமும் காலையில் ஆர்டரைப் புதிதாகப் போட்டு, யாரும் பார்க்காத ஏழாவது வரியில் நின்றிருக்கிறார். அதில் 200 பங்கு பெரியப்பா கொடுத்தது. மீதி 800 பங்குக்காக அவர் இன்னும் நிற்கிறார்.